ஈரத்தில் ரப்பர், காய்ந்தால் வைக்கோல்

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன்பு பார்லரில் முடியை பிளீச் செய்து தேன் நிறம் ஏற்றிக்கொண்டேன். அதன் பிறகு தலைக்குக் குளிக்கும்போது முடி கொழகொழவென்று ரப்பர் போல இழுபட்டது. புரதம் போய்விட்டது என்று தோழி சொன்னதால் வாரத்துக்கு மூன்று முறை கெரட்டின் மாஸ்க்கும் இடையில் முட்டையும் போட்டேன். இரண்டு மாதத்தில் முடி வைக்கோலாகிவிட்டது. சீப்பு வைத்தால் பொட்டுப் பொட்டென்று உடைகிறது. வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். இப்போது புரதம் வேண்டுமா, ஈரப்பதம் வேண்டுமா?

பதில்: கெரட்டின் மாஸ்க்கை மூன்று வாரம் அலமாரியில் வையுங்கள். தூக்கிப்போட வேண்டாம், பின்னால் தேவைப்படும். அதற்குள் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்துவிடலாம்.

சீப்பில் வரும் முடியில், ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் இருப்பது வேர்ப்பக்கம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், அந்தப் பக்கத்தில் பழைய நிறத்திலேயே இருக்கும் சில சென்டிமீட்டர் பிளீச்சுக்குப் பிறகு முளைத்தது, மருந்து படாதது. ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் தலையிலேயே நல்ல முடி இருக்கிறது என்பது பெரிய வசதி. முடியைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, முதலில் இந்த வேர்ப்பகுதியை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். அடுத்து நுனிப்பகுதியை அதேபோல இழுங்கள். நனைந்த சேமியா போல நீண்டுகொண்டே போய், திரும்பாமல் தொய்ந்து நின்றாலோ அறுந்தாலோ உள்கட்டு போயிருக்கிறது. நீளாமலே பட்டென்று முறிந்தால் முடி விறைத்திருக்கிறது. ஒரு முடியை நம்பாதீர்கள். தலையின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு முடிகளைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நடுப்பகுதி முறியும், கடைசி இரண்டு அங்குலம் இழுபடும் என்று நினைக்கிறேன். ஒரே முடியில் இரண்டு கோளாறும் இருப்பது சாதாரணம்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கின்றன. பிளீச் நிறமியை அழிக்கும்போது இந்தக் கட்டுகளில் ஒரு பகுதியையும் அறுத்துவிடுகிறது. முடியின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலமும் அதோடு போகிறது. எனவே தண்ணீர் எளிதாக உள்ளே புகுந்து முடி ஊதுகிறது. பிடித்துவைக்கக் கட்டும் குறைவு. குளிக்கும்போது நீங்கள் உணர்ந்த கொழகொழப்பு இதுதான்.

இங்கே புரத மாஸ்க் உதவும் என்பது உண்மை. ஆனால் அறுந்த கட்டை அது மறுபடி போடுவதில்லை. சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதத்தில் மிகச் சிறியவை கொஞ்சம் உள்ளே போகும். பெரியவை மேலே படலமாகப் படியும். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துவண்ட துணி விறைப்பாக நிற்கும், நூல் புதிதாகிவிடாது. அளவான கஞ்சி அழகு. துவைக்காமல் கஞ்சிமேல் கஞ்சி ஏற்றினால் புடவை மடிப்பிலேயே கிழியும். வாரம் மூன்று முறை என்று நீங்கள் செய்தது அதுதான். சாதம் வடித்த கஞ்சியைத் தலையில் ஊற்றுவதும் ஏறக்குறைய இந்த வேலையையே செய்கிறது. அதையும் இப்போது தவிருங்கள். முட்டையைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அதன் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. வெந்நீரில் அலசினால் தலையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆம்லெட்டாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

வைக்கோல் தன்மையைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைப்பதும் சரியல்ல. பிளீச் செய்த முடி நல்ல முடியைவிட அதிகமாகவே தண்ணீர் குடிக்கும். சொரசொரப்புக்குக் காரணம் மேற்பரப்பு: கொழுப்புப் படலம் இல்லை, செதில்கள் தூக்கி நிற்கின்றன, மேலே புரதப் படிவு. உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீரின் கால்சியமும் அதோடு சேர்கிறது. பிளீச் பட்ட முடி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ‘ஈரப்பதம்’ என்று விற்கப்படும் கண்டிஷனர் உண்மையில் செய்வது வழவழப்பைத் திருப்பிக் கொடுப்பதுதான். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அதுவே.

முதல் குளியலில் படிவை நீக்குங்கள். கிளாரிஃபையிங் ஷாம்பு என்று கேட்டு வாங்குங்கள்; சேர்மானப் பட்டியலில் இ.டி.டி.ஏ. என்ற பெயர் இருந்தால் உப்புப் படிவுக்கும் உதவும். ஒரே ஒரு முறை போதும். அடுத்தது ஒரு மாதம் கழித்து. குளிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை நடுவிலிருந்து நுனிவரை தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவக்கூடியது. கழுவும்போது முடி ஊதுவதையும் புரதம் கசிவதையும் குறைக்கும். பாட்டி சொன்னதில் இந்த ஒன்றை ஆய்வகமும் ஒப்புக்கொண்டது. ஷாம்புக்குப் பிறகு கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, ஐந்து நிமிடம் வைத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, பிறகு அலசுங்கள். கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைவாகப் படியும்.

கண்டிஷனர் வாங்கும்போது முன்பக்கத்து விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். ‘ஹைட்ரோலைஸ்டு’ என்று தொடங்கி கெரட்டின், கோதுமை, பட்டு, சோயா என்று எது வந்தாலும் அது புரதம். அது பட்டியலின் முதல் பாதியில் இருந்தால் இந்த மூன்று வாரத்துக்கு வேண்டாம். சீட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது காயவைக்கும் ஆல்கஹால் இல்லை, வழவழப்புத் தரும் கொழுப்புப் பொருள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி இழுத்துப் பாருங்கள். நடுப்பகுதி சற்று நீண்டு திரும்பினால் விறைப்பு போய்விட்டது. நுனி இன்னும் இழுபட்டால் மாஸ்க்கை எடுங்கள்: நுனிப்பக்கம் மட்டும், பத்து நிமிடம், அலசியபின் கட்டாயம் கண்டிஷனர். அடுத்த மாஸ்க் தேதி பார்த்து வேண்டாம். நான்கைந்து குளியல் கழித்து, ஈரத்தில் முடி மீண்டும் தொய்கிறதென்றால் மட்டும் போடுங்கள். தொடும்போது கரகரவென்றால் தள்ளிப்போடுங்கள்.

இதற்கிடையே பார்லரில் ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’ செய்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். பெயரில்தான் கெரட்டின். அது பெரும்பாலும் ரசாயனமும் 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பும் கொண்டு முடியை நேராக்கும் வேலை. உங்கள் முடி அந்தச் சூட்டைத் தாங்காது. மறுபடி பிளீச்சும் வேண்டாம்.

மாஸ்க் போட்ட இரண்டு குளியலுக்குள் நுனி பழையபடி சேமியாவாகிவிட்டால், அந்தப் பகுதியில் கஞ்சி தாங்கும் துணி மிச்சமில்லை. அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிடுங்கள். விட்டால் பிளவு மேலே ஏறி இன்னும் அதிகம் வெட்ட வேண்டிவரும். இன்னொன்று: சீப்பில் வருபவற்றில் பெரும்பாலானவை குமிழோடு முழு நீளமாக இருந்து, உதிர்வும் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தால், அது உடைவு அல்ல, வேரிலிருந்து கொட்டுவது. அதற்கு எந்த மாஸ்க்கும் உதவாது. தோல் மருத்துவரைப் பாருங்கள்.