மெஷின் ஆங்கிலத்தைத் திருத்தும்போது எண்ணும் தகவலும் மாறாமல் இருக்க

கேள்வி: தமிழ் அறிக்கையின் மெஷின் மொழிபெயர்ப்பை இயல்பான ஆங்கிலமாக்க வேண்டும். ஒரு எண்கூட மாறக்கூடாது. எப்படி?

முதலில் தமிழ் மூலத்தில் எண், அலகு, யார் சொன்னது மூன்றையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம்தான் ஆங்கிலம். ஒரு அணைச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: ‘நீர்வரத்து விநாடிக்கு 1.2 லட்சம் கன அடியாக உள்ளதாகவும், நீர்மட்டம் 5 அடி உயர்ந்து 115 அடியானதாகவும், நாளை 120 அடியை எட்டக்கூடும் எனவும் அதிகாரிகள் தெரிவித்தனர்.’

1.2 லட்சம் 1.2 மில்லியனாகியிருந்தால் பத்து மடங்கு பிழை. 120,000 என்று எழுதுங்கள். ‘5 அடி உயர்ந்து’ என்பது 5 அடிக்கு உயர்ந்ததாக மாறியிருக்கிறதா பாருங்கள்.

நீண்ட வாக்கியத்தை மூன்றாக உடைப்பது சரிதான். ஆனால் கடைசியில் வரும் ‘அதிகாரிகள் தெரிவித்தனர்’ மூன்றுக்கும் பொது. அதை ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்திலேயே கொண்டுவாருங்கள். ‘எட்டக்கூடும்’ என்பதை ‘எட்டும்’ என்று இறுக்கிவிடாதீர்கள்.