டிராப் ஃப்ரேமில் கைவிடப்படுவது எது?

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றுக்காக 29.97 ஃப்ரேம் வேகத்தில் எடிட் செய்த நிகழ்ச்சியைச் சரியாக 28 நிமிடம் 30 விநாடி, அதாவது 28:30:00 என்ற நீளத்தில் முடித்து அனுப்பினேன். ஒரு விநாடியும் 22 ஃப்ரேமும் கூடுதலாக இருக்கிறது, டிராப் ஃப்ரேமில் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி மாற்றினால் என் படத்திலிருந்து ஃப்ரேம்கள் காணாமல் போகுமா?

பதில்: போகாது. டிராப் ஃப்ரேம் என்ற பெயர்தான் இந்த அச்சத்தை விளைவிக்கிறது. அந்த முறையில் கைவிடப்படுவது படம் அன்று, டைம்கோட் என்று ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் ஒட்டப்படும் நேர எண் மட்டுமே. ஒரு தெருவில் 13ஆம் எண்ணை விட்டுவிட்டு 12க்கு அடுத்த வீட்டுக்கு 14 என்று எண் கொடுத்தால் எந்த வீடும் இடிக்கப்படுவதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இது.

எண்ணைத் தாண்ட வேண்டிய தேவை 1953ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் விநாடிக்கு மிகச் சரியாக 30 ஃப்ரேம்கள் ஓடின. வண்ணத்துக்கென்று புதிய துணை அலை ஒன்றைச் சேர்த்தபோது, அது 4.5 மெகாஹெர்ட்ஸில் இருந்த ஒலி அலையுடன் கலந்து திரையில் புள்ளிக்கோலமாகத் தெரியும் சிக்கல் எழுந்தது. ஒலி அலையை இடம் மாற்றினால் மக்கள் வீடுகளில் ஏற்கெனவே இருந்த பெட்டிகள் பாதிக்கப்படும் என்பதால், பொறியாளர்கள் அதைத் தொடாமல், படத்தின் வேகத்தை 1001க்கு 1000 என்ற விகிதத்தில் மிகச் சிறிதளவு குறைத்தார்கள். 30ஐ 1.001ஆல் வகுத்தால் கிடைப்பதே நாம் சுருக்கமாக 29.97 என்று சொல்லும் வேகம்.

டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கங்களோ 00 முதல் 29 வரை முழு எண்களாகத்தான் ஓட முடியும், 29.97 என்ற பின்னத்தை அதில் எழுத வழியில்லை. ஆகவே எந்த எண்ணையும் தாண்டாத நான்-டிராப் முறையில் 30 ஃப்ரேம் ஓடிய பிறகே ஒரு விநாடி என்று கணக்கு ஏறுகிறது. ஆனால் அந்த 30 ஃப்ரேம் ஓடி முடிய உண்மையில் 1.001 விநாடி ஆகிறது. இந்தப் பின்னடைவு சேர்ந்து சேர்ந்து, டைம்கோட் ஒரு மணி நேரத்தைக் காட்டும் தருணத்தில் சுவர்க்கடிகாரம் அதைவிட 3.6 விநாடி முன்னே போயிருக்கும். விளம்பரங்களை விநாடிக் கணக்கில் அடுக்கும் ஒளிபரப்பு அட்டவணையில் இது பெரிய பிழை.

இதைச் சரிசெய்யப் பத்து நிமிடத்துக்கு 18 எண்களைத் தாண்ட வேண்டும். நிமிடந்தோறும் இரண்டு எண்களை விட்டால் 20 ஆகி இரண்டு மிகையாகிவிடும். அதனால் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரு எண்களை விட்டு, 00, 10, 20, 30, 40, 50 ஆகிய நிமிடங்களில் மட்டும் விடாமல் எண்ணுகிறார்கள். எளிமையும் துல்லியமும் ஒருசேரக் கைகூடிய இந்த விதியை நான் எப்போதும் வியப்பேன். இதற்குப் பிறகும் எஞ்சும் பிழை ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 2.6 ஃப்ரேம்தான்.

உங்கள் கோப்புக்கே வருவோம். நான்-டிராப்பில் 28:30:00 என்பது 51,300 ஃப்ரேம்கள். அவை ஓட 28 நிமிடம் 31.71 விநாடி ஆகும். டிராப் ஃப்ரேமில் 28 நிமிட எல்லைகளைக் கடக்கிறீர்கள். அவற்றில் 10, 20 ஆகிய இரண்டையும் நீக்கினால் 26, அதை இரண்டால் பெருக்கினால் 52 எண்கள். ஆகவே டிராப் ஃப்ரேமில் 28;30;00 என்ற நீளத்துக்கு 51,248 ஃப்ரேம்களே தேவை. அந்த 52 ஃப்ரேம்தான் அவர்கள் சொன்ன ஒரு விநாடி 22 ஃப்ரேம்.

ஆகவே, சீக்வென்ஸின் டைம்கோட் காட்சியை டிராப் ஃப்ரேமுக்கு மாற்றுங்கள். நீளம் 28;31;22 என்று தெரியும்; படத்தில் எதுவும் மாறியிராது, மிகுதி கண்ணுக்குப் புலப்படும், அவ்வளவே. அந்த 52 ஃப்ரேமை நீங்களே பொருத்தமான இடத்தில் வெட்ட வேண்டும். அவர்களுக்குத் தரும் இடைவேளைக் குறிப்புகளையும் புதிதாக எழுதுங்கள், ஏனெனில் பழைய எண்கள் இப்போது வேறு ஃப்ரேம்களைச் சுட்டும்.

மாற்றம் சரியாக நிகழ்ந்ததா என்பதை அரைப்புள்ளி பெரும்பாலும் காட்டிவிடும். டிராப்பில் அரைப்புள்ளியும் நான்-டிராப்பில் முக்காற்புள்ளியும் இடுவது வழக்கம். எல்லா மென்பொருளும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால், முதல் நிமிட எல்லையில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்ப்பதே உறுதியான சோதனை:

```
00:00:59;29
00:01:00;02
```

இப்படித் தாவினால் அது டிராப் ஃப்ரேம். எடிட்டின் வெட்டுகளைப் பட்டியலிடும் இ.டி.எல் கோப்பு அனுப்புவதாக இருந்தால் அதில் `FCM: DROP FRAME` என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். டிராப் ஃப்ரேம் எண்ணுதல் 29.97க்கும் அதன் இருமடங்கான 59.94க்கும் மட்டுமே உரியது; நம் ஊரில் வழங்கும் 25 ஃப்ரேம் வேகம் கடிகாரத்தோடு ஒத்தே ஓடுவதால் அங்கே இந்தத் தேவையே எழுவதில்லை.