மரத்துப்போன தேமல்: கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. திருவாரூர், மன்னார்குடி பக்கம் 27 வருஷம் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் தேமல் பார்த்த ஓய்வுபெற்ற தொழுநோய் ஆய்வாளர். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்: ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமா ஒரு தேமல், ஒரு வருஷமா இருக்கு. அரிப்பு கிடையாது. மெடிக்கல்ல களிம்பு வாங்கிப் போட்டோம், போகல. போன வாரம் பவர் டில்லர் சைலன்சர் பட்டு அதே இடத்துல கொப்புளம். சுட்டதே தெரியலங்கறாரு.

அம்மா, தேமலை விட அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். சாதாரணத் தேமலில் சைலன்சர் பட்டால் ஆள் துள்ளிக் குதித்திருப்பார். சூடு தெரியவில்லை என்றால் அந்த இடத்து நரம்பு வேலை செய்யவில்லை. தொழுநோய்க் கிருமி குடியிருக்கும் இடமே நரம்புதான். பெரும்பாலும் முதலில் சூடு, குளிர்ச்சி தெரியாமல் போகும். பிறகு தொடு உணர்ச்சி, வலி. வியர்வையும் நின்றுவிடும். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் நனைந்திருக்க, அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். அங்கே முடி உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் ஒன்று செய்யலாம். பஞ்சை நூல் மாதிரி முறுக்கி நுனியைக் கூராக்குங்கள். முதலில் அவர் கண் திறந்திருக்கும்போது நல்ல தோலில் தொட்டுக் காட்டி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். புரிந்ததும் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலில் ஒரு தரம், தேமலில் ஒரு தரம் என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். தேய்க்கக் கூடாது, பஞ்சு வளைகிற அளவுக்குத் தொட்டால் போதும். நடுவில் தொடாமலே “எங்கே?” என்று கேளுங்கள், ஊகத்தில் சொல்பவர் அப்போது மாட்டிக்கொள்வார். ஊசியால் குத்திப் பார்ப்பது, ஊதுபத்தியால் சுட்டுப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். அந்த மாதிரிப் புண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பஞ்சு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணி சுற்றி, சேற்றில் இறங்காமல் இருக்கட்டும். வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் சீழ் பிடிக்கும்.

தஞ்சாவூர், தனியார் வேலையில் இருப்பவர்: சார், இந்தியாவுல 2005லயே தொழுநோயை ஒழிச்சாச்சு. இது பி12 குறைவா இருக்கும். சும்மா பயமுறுத்துறீங்களே?

2005 சரிதான். ஆனால் அன்று அறிவித்தது, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்பதைத்தான். அறவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். கிருமி ரொம்ப மெதுவாகப் பெருகுவது. உடம்பில் நுழைந்து தேமலாக வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருஷம் ஆகும், இருபதும் ஆகலாம். பி12 குறைந்தாலும் மரக்கும், அதுவும் நியாயம்தான். ஆனால் அது இரண்டு பாதத்திலும் சேர்ந்து வரும். ஒரு காலில் ஒரு தேமலுக்குள் மட்டும் மரக்காது.

குடவாசல்: எனக்கு 11 வருஷமா சுகர். ரெண்டு பாதமும் மெத்தை மேல நடக்குற மாதிரி இருக்கு. எனக்கும் தொழுநோய் மாத்திரை குடுப்பாங்களா?

இது வேறு கதை அண்ணே. இரண்டு பாதமும் காலுறை போட்ட மாதிரி மரப்பது சர்க்கரை செய்கிற வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தொழுநோய் மாத்திரை அதற்கு இல்லை. சுகர் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். நத்தை ஓடு கிழித்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

மன்னார்குடி: எங்கம்மா கையில பால் மாதிரி வெள்ளை. வெண்குஷ்டம்னு சொல்றாங்க. தனித் தட்டு வெக்கணுமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் பேரை வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அது நிறம் போவது மட்டும், குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொட்டால் உணர்ச்சி அப்படியே இருக்கும், ஒட்டாது. தொழுநோய்த் தேமல் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது. வெளிறியோ, சிவந்தோ, செம்பு நிறத்திலோ இருக்கும். அதற்கும் தனித் தட்டு தேவையில்லை.

நன்னிலம் அம்மா மறுபடி: பஞ்சு வெச்சுப் பாத்தேன் ஐயா. நடுவுல பத்துல ஒண்ணுகூடச் சொல்லல, ஓரத்துல பாதி சொன்னாரு. எட்டு மாசக் குழந்தை இருக்கு. மாமியார் அவரைத் தனியாப் படுக்கச் சொல்றாங்க.

செய்தது சரியாகத்தான் இருக்கிறது. டாக்டர் முதலில் உடம்பு முழுக்கத் தேமலை எண்ணுவார், முதுகைக்கூட விடமாட்டார். பிறகு முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்பு முண்டுக்குக் கீழே விரலை வைத்து நரம்பைத் தடவிப் பார்ப்பார். இவர் தேமல் இருக்கும் இடம் அந்த நரம்பின் பாதை, அதனால்தான் எனக்கு அவசரம். அது படுத்தால் பாதத்தைத் தூக்க வராது. “செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்திருக்கிறாரா?” என்று கேளுங்கள். குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லியும் பாருங்கள்.

தோல் சீவி எடுக்கும் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். ஓரிரு தேமல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். தொழுநோய்தான் என்று உறுதியானால் மாத்திரை அட்டை இலவசம், தேமல் ஐந்துக்குள் என்றால் ஆறு மாதம், கூடினால் பன்னிரண்டு. சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போக வேண்டும்.

தனியாகப் படுக்க வேண்டியதில்லை. மருந்து ஆரம்பித்தால் சில நாளில் பரப்பும் சக்தி போய்விடும். வீட்டில் எல்லோரையும் பரிசோதிப்பார்கள், பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேளைத் தடுப்பு மருந்தும் தருவார்கள். குழந்தைக்கு அது இல்லை, தோலை மட்டும் பார்ப்பார்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், நர்ஸ் சொன்னால் கேட்பார்.

திருத்துறைப்பூண்டி: அப்பா 12 மாசக் கோர்ஸ் போன தையில முடிச்சாரு. இப்ப முழங்கையில வலி, சுண்டு விரல் மடங்குது. மருந்து முடிஞ்சிடுச்சே, வாதமா?

நாளைக்கே போங்கள் தம்பி. கிருமி செத்த பிறகும் அதன் மிச்சத்தோடு உடம்பு சண்டை போட்டு நரம்பு வீங்கும், மருந்து முடிந்த பிறகும் இது வரும். இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை வாரக் கணக்கில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வலங்கைமான் பக்கம் ஒரு நடவாள், இதே மாதிரி முழங்கை வலி. தைலம் தேய்த்தே அறுவடை முடியட்டும் என்று ஓட்டிவிட்டார். என்னிடம் வரும்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் உள்ளங்கையால் அள்ளினார். வலி போயிருந்தது, விரல் நிமிரவில்லை. பலவீனம் வந்து ஆறு மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் பலருக்குத் திரும்பும், எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு விரல் எத்தனை நாளாக மடங்குகிறது என்று டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

கும்பகோணம், லாரி ஓட்டுநர்: எனக்கு வலது தொடை வெளிப்பக்கம் மரத்திருக்கு. தேமல் எதுவும் இல்ல. நானும் போகணுமா?

போங்கள், ஆனால் நன்னிலத்துக்காரர் அளவுக்கு அவசரம் இல்லை. இறுக்கமான பெல்ட்டோ தொப்பையோ இடுப்பில் நரம்பை அழுத்தினாலும் அந்த இடம் மரக்கும். ஆனால் தேமலே இல்லாமல் நரம்பில் மட்டும் வரும் தொழுநோயும் உண்டு. எழுத்தில் பார்த்து இது அதுவா இதுவா என்று என்னால் பிரிக்க முடியாது. நல்ல பகல் வெளிச்சத்தில் வேறொருவரைத் தொடையைப் பார்க்கச் சொல்லுங்கள், லேசான தேமல் டியூப்லைட்டில் தெரியாது.