ஏஏஏ தரம் இருந்தால் போதுமா?

வங்கியில் 7 சதவீதம்தான் கிடைக்கிறது. ஒரு நிதி நிறுவனம், பணம் திரும்பும் என்பதற்கான மிக உயர்ந்த மதிப்பீடான ஏஏஏ தரத்துடன், 8.5 சதவீதம் தருகிறது. தனிநபர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க உதவும் பி2பி இணையத் தளம் 18 சதவீதம் என்கிறது. மாற்றலாமா?

முதலில் கூடுதல் வட்டியைக் கணக்கிடுங்கள். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய். அதற்கு ஈடாக, வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் வரையிலான காப்பீட்டை விட்டுவிடுகிறீர்கள்; நிறுவன வைப்புக்கு அது கிடையாது.

வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் கதையைப் பாருங்கள். 2019 தொடக்கம்வரை அதன் வைப்புத் திட்டம் ஏஏஏ. அதே ஆண்டு ஜூனில் வட்டித் தவணை தவறியதும் தரம், கடன் தவறியதைக் குறிக்கும் டி ஆனது. வைப்பாளர்களுக்குத் திரும்பியது ஏறத்தாழ 23 சதவீதம். அதாவது லட்சத்தில் 77,000 போனது. கூடுதல் 1,500ஐ வைத்து அதை ஈடுகட்ட 51 ஆண்டுகள் ஆகும்!

ஆகவே விளம்பரத்தில் உள்ள எழுத்தை நம்பாமல், தர நிறுவனத்தின் இணையதளத்தில் அண்மைய அறிக்கையைத் திறந்து தேதியைப் பாருங்கள். 'எதிர்மறை', 'கண்காணிப்பில்' என்ற சொற்கள் வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். நீண்ட காலக் கடனைக் குறுகிய காலப் பணத்தால் நடத்தும் நிறுவனமா என்பதையும் அங்கேயே காணலாம்.

பி2பியில் நிறுவனத் தரமே இல்லை. கடன் வாங்குபவர் தவறினால் நட்டம் முழுவதும் உங்களுடையது. நூறு பேருக்கு ஆயிரம் வீதம் 18 சதவீதத்தில் கொடுத்து, பத்துப் பேர் ஒன்றுமே தராவிட்டால், ஆண்டு முடிவில் கையில் 1,06,200. தளக் கட்டணம் போவதற்கு முன்பே வங்கி வட்டிதான் மேல்.