‘₹32 முதல்’ என்று வந்த கூரியர் மெயில்

கேள்வி: வீட்டிலிருந்தே சின்ன அளவில் ஆன்லைனில் விற்கிறேன். ஒரு கூரியர் சேவையிலிருந்து “சிறு விற்பனையாளர்களுக்குச் சிறப்புக் கட்டணம், வீட்டு வாசலிலேயே எளிய பிக்கப்” என்று மெயில் வந்திருக்கிறது. நம்பிச் சேரலாமா?

சேரலாம். ஆனால் நீங்கள் என்ன விற்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து அனுப்புகிறீர்கள் என்று எழுதவில்லையே, அதைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பொருள் பார்சலில் இடத்தை அடைக்கிற சரக்கு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதக் கை பரபரத்தது, ஏனென்றால் இதே மாதிரி மெயில் எனக்கும் வந்தது, ஏற்காட்டில் மிளகு விற்கும் ஓர் அக்காவுக்கும் வந்தது. இருவருமே சேர்ந்தோம். கட்டணம் அக்காவுக்கு வாய்த்தது, பிக்கப் எனக்கு வாய்த்தது.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் ஜவ்வரிசி வடகம் போட்டு விற்கிறேன். கடையே கிடையாது, வாட்ஸப்பில் ஆர்டர், எல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். வடகம் எடை இல்லாத பண்டம். அரை கிலோ வடகம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று வாங்கினவர்களுக்குத் தெரியும். உடையவும் கூடாது. அதனால் பெரிய அட்டைப்பெட்டி எடுத்து, சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, தெருமுனை கூரியர் கவுன்ட்டரில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே தராசில் வைப்பார்கள், பெட்டியோடு சேர்த்து 600 கிராம் காட்டும், ஒரு கிலோ கணக்கில் ₹100 வாங்கிக்கொள்வார்கள். பெட்டியை யாரும் அளந்ததில்லை.

மெயிலில் “₹32 முதல்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த ‘முதல்’ சேலத்துக்குள்ளேயே போகும் அரை கிலோவுக்கு. ரேட் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மாநிலத்துக்குள் முதல் அரை கிலோ ₹38, அதற்குமேல் ஒவ்வொரு அரை கிலோவுக்கும் ₹30, மொத்தத்துக்கு 18% ஜி.எஸ்.டி. என்று இருந்தது. என் 600 கிராம் ஒரு கிலோ கணக்கில் ₹68, வரியோடு ₹80 சொச்சம். கவுன்ட்டரைவிட ₹20 குறைவு. சரி என்று அவர்கள் தளத்தில் வாலட்டில் பணம் போட்டு, லேபிள் அச்சடித்து அனுப்ப ஆரம்பித்தேன்.

சில நாள் கழித்து வாலட்டில் ஒவ்வொரு பார்சலுக்கும் ₹71 கூடுதலாகப் பிடித்தம். காரணம் என்ற இடத்தில் ‘எடை வேறுபாடு’ என்று மட்டும் இருந்தது. இங்கேதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. இவர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் ஒரு கிலோக் கணக்கு வரும். அதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. என் பெட்டி 30, 22, 15. பெருக்கினால் 9900. 5000-ஆல் வகுத்தால் 1.98. ஆக, 600 கிராம் வடகம் இரண்டு கிலோவாக ஆகிவிட்டது. ₹38-உடன் மூன்று முறை ₹30 சேர்த்தால் ₹128, வரியோடு ₹151. கவுன்ட்டரில் ₹100-க்குப் போன அதே பெட்டி.

“எடை போட்டா போதாதா கண்ணு, அளந்து வேற பார்ப்பாங்களா?” என்று அத்தை கேட்டார். பார்க்கிறார்கள். ஹப்பில் பார்சல் பெல்ட்டில் போகும்போதே கேமரா அளந்துவிடுகிறது. கூரியர்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அந்தத் துறையில் இருப்பவர்கள் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். வண்டியில் இடத்தை அடைக்கும் சரக்குக்கு இடத்துக்குக் காசு கேட்பது நியாயம்தான். ஆனால் ‘முதல்’ என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் 5000 என்பதையும் அதே அளவில் போட்டால் என்ன? சில ஒப்பந்தங்களில் 5000-க்குப் பதில் 4000 இருக்கிறது. வகுக்கும் எண் சின்னதானால் எடை கூடும். ரேட் கார்டில் விலையைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

நான் பெட்டியை மாற்றினேன். வடகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளப் பாக்கெட்டாகக் கட்டினால் ஆடாது, செய்தித்தாளும் அதிகம் தேவையில்லை. 25, 18, 10 அளவில் பெட்டி. பெருக்கினால் 4500, வகுத்தால் 0.9, ஒரு கிலோவுக்குள் அடங்கியது. கட்டணம் பழையபடி ₹80. ஆனாலும் சில பார்சலுக்குப் பிடித்தம் நிற்கவில்லை. ஒரு பெட்டியைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் புரிந்தது: மூடி நடுவில் லேசாக உப்பியிருக்கிறது. இயந்திரம் அட்டையின் அளவை எடுப்பதில்லை, எது அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுவரை எடுக்கிறது. மூன்று பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடினால் 26, 19, 11. அது 1.09 கிலோ, அதாவது ஒன்றரை கிலோ கணக்கு, ₹116. ஒரு விரற்கடை உப்பலுக்கு ₹35! இப்போது மூடியை ஒட்டியதும் மேலே ஸ்கேலைப் படுக்க வைத்துப் பார்க்கிறேன். ஸ்கேல் ஆடினால் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

உப்பாத பெட்டிக்கும் பிடித்தால் விடாதீர்கள். தளத்தில் ஆட்சேபம் தெரிவிக்க சில நாள்தான் கெடு, அதற்குப் பிறகு அந்தப் பொத்தானே மறைந்துவிடும். பெட்டி தராசில் இருக்கும் படம், டேப் வைத்து மூன்று பக்கமும் அளக்கும் படம் வேண்டும். முக்கியமாக ஒவ்வொரு படத்திலும் லேபிள் எண் தெரிய வேண்டும். எண் இல்லாத படம் எந்தப் பெட்டியுடையதாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எண்ணோடு அனுப்பியதற்கு எனக்குப் பணம் திரும்பி வந்தது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கும் கூரியருக்கும் சம்பந்தமில்லை. எங்கள் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேலே இரண்டு தளம் ஏற்றிவிட்டார். காலை வெயில் எங்கள் மொட்டை மாடிக்கு வருவதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது. ஒரே நாளில் காய்ந்த வடகம் இப்போது இரண்டு நாள் எடுக்கிறது. கேட்டால் “மெஷின் வாங்கிப் போட்டுக்கோங்க” என்கிறார். பெட்டியில் சென்டிமீட்டர் கணக்குப் பார்க்கும் இந்த நாட்டில் வெயிலுக்குக் கணக்குக் கேட்க யாருமில்லை. போகட்டும்.

ஏற்காட்டு அக்காவுக்கு வருகிறேன். அவருக்கு வந்தது அதே மெயில், அதே ரேட் கார்டு. மிளகு கனமான பண்டம். அரை கிலோ மிளகுக்கு 15, 12, 8 அளவுப் பெட்டி போதும். அதன் வால்யூமெட்ரிக் எடை 300 கிராம்கூட வராது, எனவே தராசு எடைதான் கணக்கு. அவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அரை கிலோ மிளகு, பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்து 560 கிராம். அந்த 60 கிராமால் அடுத்த அரை கிலோவின் ₹30 விழுகிறது. அக்கா கெட்டிக்காரர், பாக்கெட்டையே 400 கிராமாக மாற்றிவிட்டார். கட்டினால் 460 கிராம், வரியோடு ₹45-க்குள் முடிந்துவிடுகிறது. முன்பு கவுன்ட்டரில் ₹60 கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மெயில் சொன்னது அத்தனையும் உண்மை, கட்டணத்தைப் பொறுத்தவரை.

பிக்கப்தான் வரவில்லை. தளத்தில் 636601 என்று பின்கோடு போட்டால் ‘சேவை உண்டு’ என்று பச்சையாக வருகிறது. அது டெலிவரிக்கான சேவை. டெலிவரி தனி, பிக்கப் தனி. மலைமேல் பார்சல் கொடுக்க வருகிற பையன்தான் பிக்கப்பும் எடுக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவர, கையில் பத்துப் பார்சலாவது சேர்ந்தால்தானே அவனுக்குக் கட்டும்? அவன் வராத நாளிலும் தளத்தில் ‘கடை மூடியிருந்தது’ என்று பதிவாகிவிடுகிறது. அக்காவுக்குக் கடையே கிடையாது, வீட்டுத் திண்ணையில்தான் பார்சலோடு உட்கார்ந்திருந்தார். பையனைச் சொல்லிப் பயனில்லை, வரவில்லை என்று எழுத அவனுடைய ஆப்பில் வேறு காரணம் இல்லையோ என்னவோ. இப்போது அக்கா வாரத்தில் இரண்டு நாள் பார்சல்களைப் பையில் போட்டு, பஸ்ஸில் இறங்கி, சேலத்துக் கிளையில் நேரே கொடுத்துவிட்டுப் போகிறார். பஸ் டிக்கெட்டையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பார்சலாவது இருந்தால்தான் அவருக்கு லாபம்.

எனக்கோ அம்மாப்பேட்டையில் தினமும் மாலை பையன் வாசலுக்கே வந்துவிடுகிறான். அவன் பார்சலை வாங்கியதும் என் கண் முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது ஒன்றில்தான் நான் கறார். ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு போனால், தொலைந்த பார்சலை நான் கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு: அந்த மெயிலுக்குப் பதில் போட்டு நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள். வால்யூமெட்ரிக் எடைக்கு எந்த எண்ணால் வகுக்கிறீர்கள், என் பின்கோடில் பிக்கப் உண்டா, அதற்குக் குறைந்தது எத்தனை பார்சல் வேண்டும், வாங்குபவர் வேண்டாம் என்று திருப்பினால் திரும்பி வருவதற்கு எவ்வளவு. கடைசியை விட்டுவிடாதீர்கள், போன கட்டணமும் போய், திரும்பி வரும் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். கேஷ் ஆன் டெலிவரி கொடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். எனக்கு முன்பணம்தான் என்பதால் அந்தத் தலைவலி அதிகமில்லை.

பதில் வந்ததும் போன மாதம் நீங்கள் அனுப்பிய பார்சல்களை எடுத்து, உண்மையான பெட்டி அளவோடு அந்த ரேட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால் அந்த 18% உங்களுக்குத் திரும்பி வராது, அதையும் சேர்த்தே போடுங்கள். கட்டுபடியானால் வாலட்டில் முதலில் நான்கைந்து பார்சலுக்கு ஆகும் பணத்தை மட்டும் போடுங்கள். “₹5000 போட்டால் ₹500 கூடுதல்” என்று போன் வரும். பிடித்தம் வர நான் சொன்ன மாதிரி சில நாள் ஆகும், அது வந்து முடிந்த பிறகு மீதியைப் போட்டுக்கொள்ளலாம்.