வகுப்புப் பதிவை அழிக்காமல் இடம் உண்டாக்குவது

கேள்வி: லேப்டாப்பில் மொத்தமே 64 ஜிபிதான். ஆன்லைன் கிளாஸ் ரெக்கார்டிங் எல்லாம் சேர்ந்து ஃபுல் ஆகிவிட்டது. தேர்வு வருவதால் எதையும் டெலீட் செய்யவும் முடியாது. என்ன செய்யலாம்?

எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் பதிவுகள் தேவைக்கு மேல் பத்து மடங்கு கனத்துடன் இருக்கின்றன என்பதே என் ஊகம்; அந்தக் கனத்தை இறக்கிவிட்டால் எல்லா வகுப்புகளும் அதே மடிக்கணினியில் அடங்கிவிடும். நீங்கள் கணக்கியலோ சட்டமோ படிப்பவர் என்றும், திரையில் ஸ்லைடும் எழுத்தும் எண்களும்தான் ஓடுகின்றன என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆய்வக வேலையை அசையும் கேமராவில் காட்டும் வகுப்பு என்றால் நான் சொல்லும் அளவுக்குக் குறையாது.

நான் காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், தேவகோட்டையில் இருக்கும் என் ஆச்சியின், அதாவது அக்காவின், மகள் இதே நிலையில் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான். அதற்கு முன் அவள் போயிருந்த வேறொரு கடையில், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான் ஒரே வழி என்று சொல்லிக் கட்டணமும் பேசியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு ஃபார்மட் என்ற ஒரே மருந்துதான் தெரியும். "அம்மான், ஒரு கிளாஸைக்கூட அழிக்கக் கூடாது, எனக்கு இடம் மட்டும் வேண்டும்" என்றாள். அவள் கேட்டது நியாயமான கோரிக்கை.

அந்த மடிக்கணினியில் 64 ஜிபி ஈ.எம்.எம்.சி. சேமிப்பகம் இருந்தது. இது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்ட சில்லு என்பதால், பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போலக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்ட முடியாது. விண்டோஸ் கணக்கில் அது 59 ஜிபிக்குள்தான் தெரியும். அதிலும் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. மாணவருக்கு மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து ஜிபிதான். "படிப்புக்கு இது தாராளம்" என்று சொல்லி இத்தகைய கருவியைத் தலையில் கட்டும் விற்பனையாளர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு, ஆனால் அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது.

முதலில் கனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் C: டிரைவைத் திறந்து, தேடும் கட்டத்தில் `size:>500MB` என்று தட்டினால் பெரிய கோப்புகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். அவளுடைய பதிவுகள் இரண்டு வகையாக இருந்தன. ஆசிரியர் அனுமதியோடு ஜூமிலேயே பதிவானவை Documents கோப்புறைக்குள் Zoom என்ற உறையில் இருந்தன. ஒவ்வொன்றும் சில நூறு எம்பிதான் என்பதால் இந்தத் தேடலில் பலவும் சிக்கவே இல்லை. மற்ற வகுப்புகளை அவள் ஓ.பி.எஸ். மென்பொருளைக் கொண்டு திரைப்பதிவாக எடுத்திருந்தாள். அவைதான் மலையாகக் குவிந்து கிடந்தன. (அனுமதியின்றிப் பதிவு செய்யலாமா என்று கேட்க வருபவர்களுக்கு: கூடாது. அவளுடைய ஆசிரியர்கள் அனுமதித்திருந்தார்கள்.)

ஒரே நீளமுள்ள இரண்டு வகுப்புகள் இத்தனை வேறுபடுவதற்குக் காரணம் பிட்ரேட். அதாவது ஒரு நொடிப் படத்துக்கும் ஒலிக்கும் எத்தனை பிட் செலவிடப்படுகிறது என்பது. படத்தின் நீள அகலம் கோப்பின் அளவை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. பிட்ரேட்டையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் அளவு. நொடிக்கு 1000 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அவளுடைய ஓ.பி.எஸ்.ஸில் 6000 கிலோபிட் என்று வைக்கப்பட்டிருந்தது. விளையாட்டு விளையாடுவதை நேரலையில் காட்டுபவர் ஒருவரின் காணொளியைப் பார்த்து அப்படியே வைத்தாளாம். ஓடும் காரையும் வெடிக்கும் குண்டையும் காட்ட அது தேவைப்படலாம். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும் பேரேட்டுப் பக்கத்துக்கு அது வீண். ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்று 4 ஜிபியாக ஊதியிருந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

உங்கள் கோப்பின் பிட்ரேட்டை அறிய, அதன்மேல் வலது சொடுக்கி, Properties, பிறகு Details என்று போனால் Total bitrate என்ற வரி இருக்கும். எம்.கே.வி. கோப்புகளில் அது வராமல் போகலாம். அப்போது மேலே சொன்ன 450 கணக்கைக் கொண்டு அளவிலிருந்தே மதிப்பிடலாம். 400 கிலோபிட்டுக்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள், அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை. ஜூம் பதிவுகளை நான் அப்படியே விட்டுவிட்டது இதனால்தான். ஜிப், ரார் என்று கட்டி வைப்பதும் பயன் தராது. காணொளி ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள் என்பதால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தால் அதிகம்.

இனி சுருக்கும் வேலை. இதற்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். கட்டளை தட்டப் பயப்படுபவர்கள் ஹேண்ட்பிரேக்கில் இதே அளவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் டிஸ்க் நிறைந்திருக்கும்போது ஒரு சிக்கல் வரும்: பழைய கோப்பு இருக்கும்போதே புதிய கோப்பை எழுத இடம் வேண்டும். எனவே புதியதை நேராகப் பென் டிரைவில் எழுத வைத்தேன். பென் டிரைவ் E: என்று தெரிந்தால் கட்டளை இப்படி இருக்கும்:

```
ffmpeg -i "class.mkv" -r 10 -c:v libx264 -preset veryfast -crf 26 -c:a aac -ac 1 -b:a 64k "E:\class_small.mp4"
```

இதில் உயிர்நாடி `-r 10` என்பதே. நொடிக்கு 30 படங்கள் என்பதை 10 ஆக்குகிறது. திரையில் பேனா நகர்வது சற்றே தத்தித் தத்தித் தெரியும், ஆனால் நின்ற எழுத்து கூர்மை குறையாது. பலர் இதற்கு மாறாக 1080-ஐ 480 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பேரேட்டில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல் போகும், தேர்வுக்குப் படிப்பவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. நீள அகலத்தைத் தொடாமல் விடுங்கள். `-crf 26` என்பது தரத்தின் அளவு. எண் கூடக் கூடக் கோப்பு சிறுக்கும், படம் மங்கும். பேச்சுக்கு ஒற்றை ஒலித்தடமும் 64 கிலோபிட்டும் தாராளம். எச்.265 இருக்கும்போது ஏன் பழைய எச்.264 என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். அதில் இன்னும் சிறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வகைச் சிறு செயலியில் அது பல மணி நேரம் இழுக்கும். வீட்டிலுள்ள பழைய கைபேசியிலும் டிவியிலும் ஓடாமல் போகவும் வாய்ப்புண்டு.

அந்த 4 ஜிபி வகுப்பு ஏறக்குறைய 230 எம்பியாக இறங்கியது. எங்கள் பக்கத்து வீடுகளில் பரணில் ஏறிய பித்தளைப் பாத்திரம் மறுபடி இறங்காததைப் போல, சுருக்கிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் அவளையே சரிபார்க்கச் சொன்னேன். புதிய கோப்பின் நேர நீளம் பழையதோடு ஒத்திருக்கிறதா, முழுத்திரையில் மிகச் சிறிய எண் படிக்க முடிகிறதா, கடைசிப் பத்து நிமிடத்தில் குரலும் திரையும் சேர்ந்து போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத்தை உருட்டும் இடத்தில் எழுத்தைச் சுற்றி நிழல் படிந்து, அது நீங்காமல் நின்றால், 26-ஐ 23 ஆக்கி மறுபடி ஓட்ட வேண்டும். திருப்தியான பிறகு அவளே மூலத்தை அழித்தாள். அழித்தது ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்வரை ஒரு எம்பிகூட விடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைக் காலி செய்யாமல் "இடம் வரவில்லையே" என்று கடைக்கு வருபவர்கள் உண்டு.

சுருக்கும் வேலைக்கு வகுப்பு ஓடிய நேரத்தில் பாதியேனும் பிடிக்கும், கருவியும் சூடேறும். சார்ஜரை மாட்டி, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, இரவில் ஓட விடுவது நல்லது. மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள்.

மூலக் கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றி வைக்க நினைத்தால், அது FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பையும் ஏற்காது. டிரைவில் இடம் இருந்தாலும் கோப்பு பெரியது என்று பிழை காட்டும். அவளுடைய இரண்டு மணி நேர வகுப்பு இப்படித்தான் மறுத்தது. டிரைவில் உள்ளவற்றை முதலில் வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு, அதை exFAT முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். மேகத்தில் ஏற்றலாமே என்பவர்கள் ஊர்ப்பக்க இணையத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 20 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். சுருக்கிய பிறகு ஏற்றினால் இரண்டு தடையும் எளிதாகிவிடும்.

குவிந்ததைக் கரைத்தாலும் பதிவு முறையை மாற்றாவிட்டால் அடுத்த மாதமே பழைய கதைதான். ஓ.பி.எஸ்.ஸில் Settings, Video என்று போய் Common FPS Values-ல் 10 தேர்ந்தெடுத்து, Output பக்கத்தில் Recording Quality என்பது Same as stream என்றிருக்கும்படி விட்டு, Video Bitrate 500 என்றும் Audio Bitrate 64 என்றும் வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 250 எம்பி அளவில் வருகிறது, பிறகு சுருக்க வேண்டிய தேவையே இல்லை. கோப்பு வகையை மட்டும் mkv என்று வைக்க வேண்டும். சாதாரண எம்.பி.4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் டிஸ்க் நிறைந்தாலோ, மின்சாரம் போய்ப் பேட்டரியும் ஓய்ந்தாலோ, இரண்டு மணி நேர வகுப்பு முழுவதும் திறக்காத கோப்பாகிவிடும். எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது தப்பிக்கும். கைபேசிக்கு எம்.பி.4 வேண்டுமென்றால் பிறகு File பட்டியலில் Remux Recordings என்பதைக் கொண்டு தரம் குறையாமல் மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பு தொடங்கும் முன் C: டிரைவில் 5 ஜிபியாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவை அழுத்துங்கள். அதற்குக் கீழே போனால் விண்டோஸ் புதுப்பிப்பும் தடுமாறும், கருவியும் மந்தமாகும். அவளுடைய கருவியில் ஜூம் பதிவுகள் உட்பட அந்தப் பருவத்து வகுப்புகள் எல்லாம் இப்போதும் இருக்கின்றன. சுருக்கியவற்றின் இன்னொரு பிரதி அந்தப் பென் டிரைவிலும் இருக்கிறது. ஈ.எம்.எம்.சி. சில்லு பழுதானால் அதிலிருந்து மீட்டெடுக்க எங்களைப் போன்ற கடைகளால் முடியாது என்பதால், தேர்வு முடியும்வரை அந்த இரண்டாம் பிரதியைக் கைவிட வேண்டாம்.