பாக்கெட் போட ஆள் வைத்தால் 500 ரூபாய் நஷ்டமா?

கேள்வி: கருங்கல் பக்கம் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சீவவும் பொரிக்கவும் ரெண்டு பேர் உண்டு. காய் எடுப்பது, பாக்கெட் போடுவது, ஸ்கூட்டரில் கொண்டு கொடுப்பது, கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் நான்தான். படுக்க ராத்திரி பதினொன்று ஆகிறது. பாக்கெட் போட ஆள் வைத்தால் நாளுக்கு 500 ரூபாய் போகும். நானே செய்தால் அது மிச்சம்தானே சார்? எதை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: முதலில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய நோட்டுப் படங்களை வைத்தே சொல்கிறேன்.

போன மாதம் காய், எண்ணெய், கேஸ், கூலி, கரண்ட், பெட்ரோல் எல்லாம் போகக் கையில் நின்றது 48,000 ரூபாய். இதை முழுதும் உங்கள் உழைப்புக்கு வந்த கூலியாக எடுக்கக் கூடாது. ஷெட்டை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டிருந்தால் 5,000 வந்திருக்கும். மெஷின், உருளி, கடைகளில் நிற்கும் பற்று எல்லாமாக உங்கள் பணம் மூன்று லட்சம் உள்ளே கிடக்கிறது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டால் அதற்கு மாதம் 3,000. இந்த எட்டாயிரமும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் வரவேண்டிய பணம். மீதி 40,000தான் உங்கள் கை சம்பாதித்தது. வீட்டு வேலையைச் சேர்க்காமல் தொழிலுக்கு மட்டும் நாளுக்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம், மாதம் 26 நாள். 250 மணி நேரம் என்று வையுங்கள். வகுத்தால் மணிக்கு 160 ரூபாய்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தொழில் முன்னேற்ற வகுப்பு என்று நாகர்கோவிலில் ஹால் பிடித்து நடத்துகிறவர்கள் வேறு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்க ஆசையா? அதை 200 மணியால் வகுத்துப் பார், உன் மணி 500 ரூபாய். அதற்குக் கீழே உள்ள வேலை எதையும் நீ தொடாதே' என்று. அதைக் கேட்டுவிட்டு ஒரே மாதத்தில் மூன்று ஆள் சேர்த்து, தீபாவளிக்குள் கடையை மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராத வருமானத்தை வைத்து இன்றைய கூலியைக் கொடுக்க முடியாது. விற்றுவரவை மணிக்கணக்கால் வகுக்கிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. செலவும் வாடகையும் வட்டியும் போன பிறகு நிற்கிற தொகையைத்தான் வகுக்க வேண்டும்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். நாளுக்கு 40 கிலோ, 200 கிராம் பாக்கெட்டாக 200 பாக்கெட். உங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. 500 ரூபாய்க்கு முழு நாள் ஆள் வைத்தாலும் அங்கே இருப்பது மூன்று மணி நேர வேலைதான். அப்படிப் பார்த்தால் மணிக்கு 167 ரூபாய் ஆகிறது, உங்கள் 160-ஐவிட அதிகம். முழு நாள் ஆள் வேண்டாம் என்று உங்கள் மனசு சொன்னது சரிதான், காரணம்தான் வேறு. பக்கத்து வீடுகளில் மதியத்துக்கு மேல் ஒழிகிற பெண்கள் இருப்பார்கள், மகளிர் குழுவில் கேட்டாலும் ஆள் கிடைக்கும். பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் என்று பேசுங்கள். 200 ரூபாயில் முடிகிறது. நீங்கள் உட்கார்ந்து போட்டால் அதே வேலையில் உங்கள் நேரம் 480 ரூபாய்க்குப் போகிறது.

ஆனால் கூலியைவிடப் பெரிய செலவு ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது. புதிதாகப் போடுகிறவர் கை தாராளமாக இருந்து பாக்கெட்டுக்கு 5 கிராம் கூடினால், 200 பாக்கெட்டில் ஒரு கிலோ போய்விடும். நீங்கள் கடைக்குக் கொடுக்கும் விலையில் அது 340 ரூபாய். கூலி 200, கொட்டிப் போவது 340. இதற்கு ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அளவைக் கவனிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஒட்டி முடித்த பாக்கெட்டில் கைக்கு வந்த பத்தை எடுத்து ஒன்றாகத் தராசில் வையுங்கள். காலிக் கவர் 4 கிராம் என்றால் பத்துக்கும் சேர்த்து 2,040 கிராம் இருக்க வேண்டும். 2,060-ஐத் தாண்டினால் அன்றே சொல்லுங்கள். குறைந்தால் இன்னும் கவனமாக இருங்கள். கவரில் அச்சிட்ட எடை உள்ளே இல்லை என்றால் எடையளவுச் சட்டப்படி அபராதம் உங்களுக்குத்தான் வரும், பாக்கெட் போட்டவருக்கு வராது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்.

அப்புறம், ஒழிந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? இதைக் கேட்காமல் போடும் கணக்கு பாதிக் கணக்குதான். மாதம் 5,200 ரூபாய் கூலி வெளியே போகும். கிலோவுக்கு இப்போது உங்களுக்கு நிற்பது ஏறக்குறைய 46 ரூபாய். கிலோவுக்கு ஐந்து பாக்கெட் கூலியைக் கழித்தால் 41. ஆக மாதம் 127 கிலோ கூடுதலாக விற்றால்தான் அந்தக் கூலி திரும்பி வரும். வாரம் மூன்று கிலோ எடுக்கிற கடை என்றால் பத்துக் கடை புதிதாகப் பிடிக்க வேண்டும். உங்கள் உருளி மதியம் இரண்டு மணிக்கே ஓய்ந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நாளுக்கு ஐந்து கிலோ கூடப் போட இடம் இருக்கிறது. உருளி இரவு வரை நிறைந்து ஓடுகிற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன், அவருக்குப் புதுக் கடை பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒழிந்த நேரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்றாலும் தப்பில்லை. நாளுக்கு 200 ரூபாய் கொடுத்து ஓய்வு வாங்குகிறீர்கள். அதை நோட்டில் வீட்டுச் செலவாக எழுதிவிடுங்கள், தொழில் லாபத்தில் தேடாதீர்கள்.

இனி விடக் கூடாத வேலை. 160 ரூபாய் என்பது சராசரிதான், உங்கள் எல்லா மணி நேரமும் ஒரே விலை இல்லை. காய் எடுக்கிற நேரத்தைப் பாருங்கள். நல்ல விளைச்சல் காயாக நீங்கள் பார்த்து எடுத்த நாளில் ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்றரைக் கிலோ காய் போதுமாக இருந்தது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து வேறு ஆள் போன வாரத்தில் நாலு கிலோ ஆகியிருக்கிறது. பிஞ்சுக் குலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். கிலோ 35 ரூபாய்க் காயில் அரைக் கிலோ வித்தியாசம் என்றால் 40 கிலோவுக்கு 700 ரூபாய். விளையாத காய் எண்ணெயையும் கூடக் குடிக்கும், அதை நான் சேர்க்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய் விலை. அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். 'சந்தையில் நான் எடுத்துத் தருகிறேன், நீங்கள் அலைய வேண்டாம்' என்று வருகிற தரகர் குலைக்கு இத்தனை என்று உங்களிடம் வாங்குவார், விற்கிறவரிடமும் வாங்குவார்.

கடைகளுக்குக் கொண்டு கொடுப்பதை ஆளிடம் விடுவதற்கு முன்னால் குறையுங்கள். சிப்ஸ் ஒரே நாளில் கெட்டுப்போகிற சரக்கு இல்லை, எல்லாக் கடைக்கும் தினமும் போக வேண்டிய அவசியம் என்ன? திங்கள்சந்தை, குளச்சல் ஒரு லைன். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை ஒரு லைன் என்று பிரித்துக் கடைக்கு வாரம் இரண்டு முறை போங்கள். முதல் முறை சரக்கு மட்டும், அதற்கு நடைக் கூலிக்கு ஒரு தம்பியை அனுப்பலாம். இரண்டாவது முறை நீங்கள் போய் பற்றை வசூலித்து, திரும்பி வந்த பாக்கெட்டையும் பாருங்கள். பணத்தையும் சரக்கையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் எந்தக் கடையில் எவ்வளவு நிற்கிறது என்பது ஆறு மாதத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜிஎஸ்டியை விட்டுவிடுங்கள். மாதம் ஆறு மணி நேரம் போராடுகிறீர்கள், உங்கள் விலையில் 960 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குச் செய்துதருகிறவர் உங்களைவிடத் தப்பில்லாமல் செய்வார். ஒரு சிப்ஸ் ஷெட்டுக்கும் பெரிய மில்லுக்கும் ஒரே திரை, அதே பெட்டிகள். கடைசி நாளில் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதி ஆகிவிடும். இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிற எனக்கே எரிச்சல் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு உங்களை அதன் முன்னால் உட்கார வைப்பது அநியாயம்.

ஆனால் வேலையைத்தான் கொடுக்கிறீர்கள், சாவியைக் கொடுக்கக் கூடாது. 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன் அக்கா' என்று வருகிற ஏஜென்ட் முதலில் செய்வது பதிவில் தன் மொபைல் நம்பரையும் தன் மெயிலையும் போடுவது. அதன் பிறகு ஓடிபி அவருக்கு, நோட்டீஸும் அவருக்கு. மார்த்தாண்டத்தில் என்னிடம் வந்த ஒருவர் மாதாமாதம் வரிப் பணத்தை ஏஜென்ட் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு ரிட்டர்ன் கூடப் போகவில்லை. வரி இருக்கிற ரிட்டர்ன் பிந்தினால் நாளுக்கு 50 ரூபாய், உச்சவரம்பு வரை. வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. கடைசியில் பதிவே ரத்தாகி நின்றது. இலாகா அனுப்பிய எச்சரிக்கை எல்லாம் ஏஜென்டின் மெயிலில் கிடந்தது. பணம் கட்டியவரை நேரில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், பாஸ்வேர்டு தேவையில்லை. gst.gov.in தளத்தில் Search Taxpayer என்பதில் Search by GSTIN/UIN எடுத்து உங்கள் எண்ணைப் போடுங்கள். கீழே Show Filing Table அழுத்தினால் எந்த ரிட்டர்ன் எந்தத் தேதியில் போனது என்று வரும். ஒவ்வொரு ரிட்டர்ன் தேதிக்கும் மறுநாள் இதைப் பாருங்கள். வரியை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள், ஏஜென்டுக்கு அவர் கூலியை மட்டும் கொடுங்கள். பதிவில் உங்கள் நம்பர் இல்லை என்றால் அதை மாற்றித்தருவதுதான் அவருக்கு நீங்கள் கொடுக்கும் முதல் வேலை.

ஓணக் காலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். ஓணத்துக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆர்டர் வரும், உருளி ராத்திரி வரை ஓயாது. அப்போது நாளுக்கு 100 கிலோ என்றால் 500 பாக்கெட். அதே ஒரு ரூபாய்க் கூலியில் 500 ரூபாய், முழு நாள் ஆளுக்கும் 500 ரூபாய். அந்த மூன்று வாரத்துக்கு முழு நாள் ஆள் வைப்பது சரி, ஷெட்டிலேயே இருந்து ஒட்டவும் ஏற்றவும் கை கொடுப்பார். காய் விலையும் அப்போது ஏறி நிற்கும், ஆகவே காய் எடுப்பதில் நீங்கள் அசரவே கூடாது. ஆனால் ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் புதுக் கையைத் தராசு முன் உட்கார வைத்தால் அந்த ஐந்து கிராம் 500 பாக்கெட்டில் இரண்டரைக் கிலோவாகப் போகும். அதனால் ஆடி பிறந்ததுமே, தினம் 200 பாக்கெட் இருக்கும்போதே, ஒருவரைப் பழக்குங்கள். ஓணம் முடிந்தால் திரும்பவும் பாக்கெட் கூலிதான் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.